மோவாயால் தள்ளிய மாத்திரை

ஒருவர் மாத்திரையை விழுங்கினாரா இல்லையா என்பது அவர் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்குத் தெரியாது. அவர் சொன்னால்தான் தெரியும். குழந்தைக்கும் புரிகிற இந்தச் செய்தியை அடையாறில் ஓர் அலுவலக அறையில் ஜோதிலட்சுமி வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவள் வேலை திரை வரைவது. ஆதம்பாக்கத்தில் பிறந்து, எழும்பூரில் ஓவியம் படித்து, தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளி விளம்பரம் போட்டு, அங்கிருந்து செல்போன் செயலிகளுக்கு வந்து சேர்ந்தவள். ஒரு காலத்தில் செய்தித்தாளின் முழுப்பக்கமும் அவள் கையில் இருந்தது. அதில் நூறு புடவைகளை அடுக்குவாள். இப்போது அவளிடம் கொடுத்திருந்தது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வட்டம். மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை அந்தக் கம்பெனி ஏற்கெனவே செல்போனில் விட்டிருந்தது. அதற்குத் துணையாகக் கடிகாரத்தில் ஒன்று வேண்டும் என்றார்கள்.

நாணயத்தளவு இடம் என்றால் வேலை குறைவு என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு விரல் நுனியை வைத்தாலே பாதித் திரை மறைந்துவிடும். வட்டத்தின் ஓரத்தில் எழுத்தை வைத்தால் வெட்டுப்படும். ஆங்கிலத்துக்கென்று அளந்த வரி உயரத்தில் தமிழை எழுதினால் 'மீ'யின் சுழி மேலே நறுக்கப்பட்டு மொட்டையாக நிற்கும். 'எடுத்துக்கொண்டேன்' என்று பொத்தானில் எழுதிப் பார்த்தாள். எறும்பு ஊர்வது போல இருந்தது. இந்த ஊரில் யார் மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்கள்? போடத்தானே செய்கிறார்கள். 'போட்டாச்சு' என்று எழுதினாள். அடியில் இன்னொரு பொத்தான், 'அப்புறம்'. அவ்வளவுதான் இடம். மருந்தின் பெயரைக்கூட உடனே காட்டவில்லை, தொட்டால்தான் தெரியும். பெசன்ட் நகர் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவனுக்கு, கடிகாரம் கட்டியவளுக்கு என்ன நோய் என்று ஏன் தெரிய வேண்டும்?

கடிகாரத்தில் யாரும் படிப்பதில்லை, பார்க்கிறார்கள். கையைத் தூக்கி, பார்த்து, இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டு மூச்சு நேரத்துக்குள் கேள்வியும் பதிலும் முடிய வேண்டும். இதுவரை யாரும் அவளோடு சண்டை போடவில்லை. சண்டை மூன்றாவது விஷயத்தில் வந்தது.

இரண்டு பொத்தான்களையும் தொடாமல், திரையில் வந்த நினைவூட்டல் அட்டையை ஒருவர் விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டால் என்ன அர்த்தம்?

"தெரியல-ன்னு அர்த்தம்," என்றாள் ஜோதி. "போன் காலண்டர்ல அன்னிக்குச் சாம்பல் நிறத்துல ஒரு புள்ளி வைக்கலாம். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேக்கலாம்."

"தள்ளிட்டான்னா விஷயம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா," என்றார் சந்திரமௌலி. கம்பெனியில் எது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். "நான் தினம் நூறு மெசேஜ் தள்றேன். பார்த்தாச்சு, தள்ளியாச்சு. போட்டாச்சு-ன்னே வெச்சுக்கலாம். பச்சை."

"கரண்ட் பில் மெசேஜைத் தள்ளினா பில் கட்டினதா ஆயிடுமா சார்?"

"விதண்டாவாதம் பண்ணாதீங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரா முன்னாடி சாம்பலும் பச்சையுமா காலண்டரைக் காட்டினா, உங்க ஆப் வேலை செய்யலையான்னு கேப்பா. எங்க ஆத்துல அம்மா சாம்பிள் வாட்சைக் கட்டிண்டிருக்கா. ஒரு நாள் தப்பினதில்லை."

"அம்மாவுக்கு மாத்திரை யார் சார் எடுத்துத் தர்றாங்க?"

"நர்ஸ் இருக்கா."

நிரல் எழுதும் டில்லிபாபு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். சந்திரமௌலிக்கு அது காதில் விழவில்லை. கூட்டம் கலைந்ததும் டில்லிபாபு அவள் மேசைக்கு வந்தான். "அக்கா, அட்டையத் தள்ளுனா கடிகாரம் நமக்கு சொல்லிடுது. அத்த இன்னான்னு எழுதிக்கட்டும்? நீங்க சொல்றதா, அவுரு சொல்றதா?"

"அவர் சொல்றத எழுது. நான் வேண்டாம்னு மெயில் போட்டிருக்கேன்."

"மெயிலுக்கு இன்னா பதிலு?"

"பார்த்தேன்-னு வந்திருக்கு."

"தள்ளிட்டார்னு சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் செயலிமேல் அவளுக்கு இருந்த கோபம் அலுவலகக் கோபம் மட்டுமல்ல. அவள் கணவன் மதிவாணன் போன வருடம் இறந்துபோனான். அவன் செல்போனிலும் இதே செயலிதான் இருந்தது. காரியம் முடிந்த பிறகும் அது காலையும் மாலையும் அவனை மாத்திரை போடச் சொல்லிக் கூப்பிட்டது. நிறுத்தப் போனால் காரணம் கேட்டது. மருந்து முடிந்தது, மருத்துவர் மாற்றினார், தேவையில்லை. மூன்றே மூன்று காரணங்கள். உட்கார்ந்து யோசித்து மூன்றை எழுதியவர்களுக்கு நான்காவது தோன்றவேயில்லை. அவள் 'தேவையில்லை' என்பதைத் தொட்டாள். 'வாழ்த்துகள்! நலமாக இருங்கள்' என்று திரை முழுக்கக் காகிதப் பூக்கள் சிதறின.

கடிகாரம் தயாரானது. தி. நகரில் ஓர் இதய மருத்துவமனை சோதனைக்கு ஒப்புக்கொண்டது. செயற்கை வால்வு வைத்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். இவர்கள் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை போட வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி சேரும். கூடினால் உடம்புக்குள் எங்காவது ரத்தம் கசியும். ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து மருத்துவர் அளவைக் கூட்டிக் குறைப்பார். விளையாட்டு மருந்தல்ல.

காலண்டர் பச்சைப் பசேலென்று வந்தது. சந்திரமௌலி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். பெரிய ஒப்பந்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஜோதி மட்டும் நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நின்றாள்.

"டேட்டாவே சொல்றதே. ஆத்துக்குப் போய் என்ன பார்க்கப் போறேள்?"

"எழுத்து தெரியுதான்னு பார்க்கணும் சார்."

"சரி, ஒரு ஆத்துக்குப் போயிட்டு வாங்கோ. போட்டோ எடுத்துண்டு வாங்கோ, நன்னா இருக்கும்."

அவள் போனது ஊரூர் ஒல்காட் குப்பத்து முத்தம்மா வீட்டுக்கு. மீன் விற்கிறவள். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று இதயத்தைப் பழுதாக்கி, போன வருடம்தான் வால்வு மாற்றியிருந்தார்கள். மகன் பாலு கடலுக்குப் போகிறவன். கடிகாரத்தின் செய்தி அவன் செல்போனுக்குத்தான் வந்து சேரும். ஜோதி போனபோது பொழுது சாய்ந்து விளக்குப் போட்டிருந்தார்கள். முத்தம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெத்திலிக் குழம்பு.

"வாம்மா, உக்காரு. துன்றியா?"

"வேண்டாம்க்கா, சாப்பிட்டுட்டேன். எழுத்தெல்லாம் நல்லா தெரியுதா?"

"எனுக்கு எழுத்து இன்னாத்துக்கு? அது கையில கிறுகிறுன்னும். அவ்ளோதான்."

சொல்லி வாய் மூடவில்லை, கடிகாரம் அதிர்ந்தது. ஜோதி கண்ணெடுக்காமல் பார்த்தாள். முத்தம்மா இடதுகையை முகத்துக்குக் கொண்டுபோனாள். தலையைச் சாய்த்து, மோவாயால் திரையை ஒரு தள்ளு தள்ளினாள். அட்டை போயிற்று. சோற்றைப் பிசைந்தாள்.

"என்னக்கா பண்ணீங்க?"

"கத்திச்சில்ல. அமுத்திட்டேன்."

"விரலால தொடலியா?"

முத்தம்மா வலதுகையை விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் குழம்பு. "இத்த வெச்சிகினா தொடுறது? ஆஸ்பத்திரி சாமான். நாத்தம் புடிச்சுதுன்னா துட்டு கேக்க மாட்டான்? மொதல்ல மூக்கால தள்ளிப் பாத்தேன், வேலைக்கி ஆவல. இதான் சுகமா கீது."

"எங்கம்மாக்கு அதானே பெருசு," என்றான் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்த பாலு.

"உங்கப்பன் அத்தப் பாத்துதான்டா கட்டிக்கினான்."

ஜோதி சிரித்தாள். சிரித்தபடியே திரும்பியபோது பாலுவின் பக்கத்தில் கிடந்த செல்போன் கண்ணில் பட்டது. இன்றைய தேதியில் பச்சைப் புள்ளி விழுந்திருந்தது. போட்டாச்சு.

முத்தம்மா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோதி காத்திருந்தாள். முத்தம்மா எழுந்து கை கழுவினாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஐஸ் பெட்டியை யார் நகர்த்தினது என்று பக்கத்து வீட்டோடு ஒரு மூச்சு சத்தம் போட்டாள். வந்து பாயை விரித்தாள். கடிகாரம் மூச்சுவிடவில்லை. அதன் கணக்கில் எல்லாம் முடிந்திருந்தது.

"அக்கா, மாத்திரை?"

"துன்ன பின்னாடி போடறதுதான். அது இன்னும் கூப்புடலியே."

"கூப்பிட்டுச்சே, இப்பதான்."

"அப்ப துன்னுகினு இருந்தேன்ல? முடிச்சப்புறம் இன்னொரு தபா கூப்புடணும்ல?"

அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொன்னாள் ஜோதி. கடிகாரம் வந்த பிறகு வாங்கியவை. ஏறக்குறைய முழுசாக இருந்தன. பாலு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது. "முன்னாடி நான்தான் எடுத்துக் குடுப்பேன். நான் கடலுக்குப் போனா, போன் போட்டு கேப்பேன். இது வந்தப்புறம் பச்ச காட்டுது, பச்ச காட்டுது, போட்டுச்சுன்னு வுட்டுட்டேன்."

"அதான் கெறக்கமா கீது போல," என்றாள் முத்தம்மா. "ரத்தம் சரியில்ல, மாத்திரைய ஏத்தணும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. நாளைக்கு வரச் சொல்லிகீது."

ஜோதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மருத்துவர் என்ன பார்த்திருப்பார்? திரையில் பச்சை. ஒரு வேளை தவறாமல் போட்டும் ரத்தம் உறைகிறது, அதனால் அளவு போதவில்லை. நாளைக்கு ஏற்றுவார். இங்கே பாலு பயந்துபோய் இன்றிலிருந்து அம்மா வாயில் மாத்திரையைத் திணிப்பான். ஏற்றிய அளவு நிஜமாகவே உள்ளே போகும். அதற்குப் பிறகு எங்கே கசியும் என்று யாருக்குத் தெரியும்?

"இன்னிக்குள்ளதை மட்டும் போடுங்க. விட்டதுக்குச் சேர்த்து ரெண்டாப் போட்டுடாதீங்க. நாளைக்கு நானும் கூட வர்றேன்," என்றாள். முத்தம்மா விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

படகுகளின் நடுவே நின்று சந்திரமௌலியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஜோதி, நீங்க டிசைனர். டாக்டர்கிட்ட பேசறதுக்கு நான் இருக்கேன். அடுத்த வாரம் கையெழுத்து. அது முடியட்டும், அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம மாத்திடலாம்."

"நாளைக்கு டோஸை ஏத்தப் போறாங்க சார்."

"ஒரு பேஷண்ட்மா."

"நான் போனது ஒரு வீட்டுக்குத்தான் சார்."

"மோவாயால தள்ளச் சொன்னது யாரு? அது அவா தப்பு. நாம என்ன பண்ண முடியும்?"

"நீங்க எந்தக் கையால சார் சாப்பிடுவீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"கடிகாரத்தை எந்தக் கையில கட்டியிருக்கீங்க?"

"நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம். கிளினிக் பக்கம் போகாதீங்கோ. சொல்லிட்டேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அலுவலகத்தில் அத்தனை பேரும் மதியம் டப்பாவைத் திறந்து கையால் பிசைந்துதான் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் என்று இந்த ஊர் மருத்துவச் சீட்டுகளில் பாதிக்குமேல் எழுதியிருக்கிறது. ஆனால் கடிகாரத்தைச் சோதித்ததெல்லாம் குளிரூட்டிய அறையில், காய்ந்த சுத்தமான விரலால். அமெரிக்காக்காரன் வரைந்து வைத்த மாதிரியில் இருந்தபடி. எச்சில் கை என்று ஒன்று உலகத்தில் இருப்பது இவர்களுக்கு மேசையில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மறதியைக்கூட மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அடுத்த வாரம்வரை பொறு என்கிறானே, அதை என்ன சொல்வது?

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் பனகல் பூங்கா பக்கம் இறங்கினாள். முத்தம்மாவும் பாலுவும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். டாக்டர் நீரஜாவின் அறையில் திரை திறந்திருந்தது. பச்சைக் காலண்டர். அவர் திரையைப் பார்த்தபடியே சீட்டில் புதிய அளவை எழுதத் தொடங்கியிருந்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். அதை எழுதாதீங்க."

"நீங்க யாரு? இவங்க சொந்தமா?"

"இல்ல. அந்தப் பச்சை வர்ற கடிகாரத்தை வரைஞ்சவ."

பாலு மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தான். நீரஜா அவற்றைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பேனா நின்றது. ஜோதி சுருக்கமாகச் சொன்னாள்: தள்ளிவிட்டாலும் போட்டதாக எழுதுகிறது, மறுபடி கேட்பதில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் பச்சைதான் காட்டுகிறது.

நீரஜா முத்தம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, மாத்திரை போடலன்னு என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ எங்கம்மா கேட்ட? பொட்டியப் பாத்துகினு எல்லாம் கரீட்டா கீதுன்ன. டாக்டரே சொல்லுது, நம்ம போட்டிருப்போம் போல-ன்னு நெனச்சேன்."

நீரஜா எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். பழைய அளவே, பாலு கையால் கொடுத்து, பிறகு ரத்தம் பார்க்கலாம் என்றார். வால்வில் ஏதும் கட்டி சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே எக்கோ எடுக்க அனுப்பினார். பிறகு சந்திரமௌலியைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மேடம், அது ரொம்ப அபூர்வமா நடக்கற ஒரு சின்ன விஷயம்..."

"அந்தச் சின்ன விஷயம் வெளியில எக்கோ ரூம் வாசல்ல உக்காந்திருக்கு. நான் இன்னிக்கு அவங்களுக்கு டோஸை ஏத்தியிருப்பேன். உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான் மேடம் கேள்விப்பட்டேன்."

"பொய்," என்றாள் ஜோதி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நேத்து சாயங்காலமே சொன்னேன். அதுக்கு முன்னாடி, கட்டறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன். கையெழுத்து முடியட்டும்னு சொன்னீங்க சார். அந்த அம்மா நெஞ்சுக்குள்ள இருக்கிறது உங்க கையெழுத்துக்காகக் காத்திருக்குமா? தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு நமக்கு என்ன கேடு? ஒரே ஒரு சாம்பல் புள்ளி. அதைக் கூடத் தாங்க முடியலையா உங்களுக்கு?"

"ஜோதி, நீங்க இனிமே வர வேண்டாம்."

"வரல."

நீரஜா போனை வைத்தார். "எத்தனை பேர் கையில இது இருக்கு?" என்று செவிலியைக் கேட்டார். பிறகு ஜோதியைப் பார்த்து, "ஒவ்வொருத்தரையும் இன்னிக்கே கேட்டாகணும். என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்," என்றார்.

வரவேற்பு மேசையின் ஓரத்தில் செவிலி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அதற்குள் டில்லிபாபுவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அவுரு போன்ல பேசுனது காதுல வுழுந்துச்சு, நான் மாத்திட்டேன். தள்ளுனதெல்லாம் தனியா பிரிச்சு சாம்பலாக்கிட்டேன். அந்தாளு கத்திகினு கீறாரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க."

செவிலியின் கணினியில் காலண்டர்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. சில அப்படியே பச்சையாக இருந்தன. பல பொசுங்கிய புல் போல ஆயின. எக்கோ அறையிலிருந்து முத்தம்மா புடவையைச் சரிசெய்தபடி வந்தாள். வால்வு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது, கட்டி எதுவும் இல்லை என்று பாலு சொன்னான். முத்தம்மா கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இத்த நீயே வெச்சிக்கம்மா. எனுக்கு எம்புள்ள கத்துனாலே போதும்." அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள்.

ஜோதி முதல் எண்ணை அழுத்தினாள். குலாம் முகம்மது என்று ஒருவர், ராயப்பேட்டை.

"பாய், ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். ராத்திரி கடிகாரம் அதிர்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது அதிர்றப்போ நான் தொழுகைக்குக் கை கால் கழுவிட்டிருப்பேம்மா. கையில தண்ணி விட்டா திரையில வந்தது தானா நழுவிப் போயிடும். நல்ல கடிகாரம், தொந்தரவே இல்ல."

"மாத்திரை, பாய்?"

மறுமுனையில் அவர் யோசித்தார். வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு உருதுவில் கேட்டார். யாரோ பதில் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து, "போட்டதாத்தானே காட்டுது?" என்றார்.

"காட்டறதை விடுங்க பாய்," என்றாள் ஜோதி. "அட்டையை எடுத்துக்கிட்டு இன்னிக்கே கிளம்பி வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் வைத்ததும் அடுத்த எண்ணை அழுத்தினாள்.